கழுமரம் ஏறும்வரை அறுந்துவிடக் கூடாது

போன வருடம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காத்தான் கூத்து ஆடியபோது, ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரே இரவில் ஐந்து லிங்க் அனுப்பினேன். ஒவ்வொரு முறை நெட் அறுந்தபோதும் நேரலை முடிந்துபோகும். திரும்பத் தொடங்கினால் புது லிங்க் வரும். அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவேன். போட்டு ஆட்கள் வந்து சேர்வதற்குள் அடுத்த அறுப்பு. கடைசியில் காத்தான் கழுமரம் ஏறும் கட்டத்தில் லைவ் இல்லவே இல்லை. விடியற்காலை பெரியம்மா போன் எடுத்து, "தம்பி, நான் பாத்தது கூத்தை இல்லையடா, அந்த வட்டம் சுத்துறதைத்தான்" என்றார்.

காத்தான் கூத்து தெரியாதவர்களுக்கு: இது காத்தவராயன் கதை, இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி விடியும்வரை போகும். கதையின் உச்சம் கழுவேற்றம். அது எங்கள் நேரம் அதிகாலை நாலரைக்குப் பக்கத்தில் வரும். வைகாசி மாதத்தில் அப்போது ரொறன்ரோவில் முதல்நாள் மாலை ஏழு மணி, லண்டனில் நள்ளிரவு, பரிஸில் ஒரு மணி. அதாவது ஏழு மணித்தியாலம் காத்திருந்து பார்க்க வேண்டிய காட்சி அது. முன்பாதியில் அறுந்தால் மன்னிப்பார்கள். அதில் அறுந்தால் வருடம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள்.

இந்த வருடம் நேரலை ஒரே லிங்கில் கடைசிவரை போனது. முல்லைத்தீவுப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் எப்படிச் செய்தேன் என்று கேட்டார்கள். கூத்தன்று கமரா இல்லை, கணினி இல்லை. இரண்டு போன், சவுண்ட்ஸ்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயர், அவ்வளவுதான். கேட்டவர்களுக்காகவும், அடுத்த வருடம் நானே மறந்துபோவேன் என்பதற்காகவும் எழுதி வைக்கிறேன்.

முதலில், போன வருடம் ஏன் அறுந்தது? சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்துதானே இருந்தன என்று பல நாள் யோசித்தேன். அந்தக் கோடுகள் டவரின் குரல் நமக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் சொல்லும். நம்முடைய குரல் டவருக்குப் போய்ச் சேருகிறதா, அங்கே இடம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. நேரலைக்கு வேண்டியது மேலே ஏற்றும் பாதை. அது ஏற்கெனவே ஒடுங்கியது. கூத்து தொடங்கியதும் கோயில் வளவில் இருந்த இருநூறு முந்நூறு பேரும் வீடியோ எடுத்து அனுப்பத் தொடங்குவார்கள். எல்லோரும் ஒரே டவர், ஒரே ஒடுங்கிய பாதை. முதல்நாள் மாலை ஆளில்லாத வளவில் நான் வேகம் பார்த்தபோது வந்த கணக்கு அங்கே எதற்கும் உதவாது.

இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. யாரோ எனக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். 4ஜி வழியாகவே அழைப்பை எடுக்கும் வசதி இல்லாத போனில், அழைப்பு வந்தவுடன் போன் 4ஜியை விட்டுப் பழைய வலையமைப்புக்கு இறங்கும். நேரலைக்கு அந்த இறக்கமே போதும். வளவின் மறுபக்கத்தில் நின்ற மாமா "எங்கை நிக்கிறாய், தேத்தண்ணி குடிச்சிட்டியோ" என்று கேட்க எடுத்த அழைப்பில் ஒரு லிங்க் போனது.

மூன்றாவது, அறுந்தால் நேரலையே முடிந்துபோனது. அறுவது ஒரு சங்கடம், முடிந்துபோவது வேறு சங்கடம். இரண்டையும் நான் ஒன்றாக நினைத்திருந்தேன். அறுவதை முழுதாகத் தடுக்க வன்னியில் யாராலும் முடியாது. ஆனால் அறுந்தாலும் லிங்க் உயிரோடு இருக்கச் செய்யலாம்.

அதனால் இந்த வருடம் போன் செயலியிலிருந்து நேரே லைவ் போகவில்லை. யூடியூபில் கணினி வழியாக Studio பக்கத்துக்குப் போய், கூத்து நாளுக்கு ஒரு நேரலையை முன்கூட்டியே குறித்து வைத்தேன். லிங்க் ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் போய்விட்டது. புதுச் சானலில் நேரலையைத் திறந்துவிட 24 மணி நேரம்வரை ஆகலாம், ஆகவே இதைக் கூத்தன்று காலையில் செய்யப் போகாதீர்கள். குறித்து வைக்கும்போது Enable Auto-stop என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது போட்டிருந்தால், நம் பக்கத்திலிருந்து படம் வருவது நின்ற சற்று நேரத்தில் யூடியூப் "நிகழ்ச்சி முடிந்தது" என்று மூடிவிடும். அதை அணைத்து வைத்தேன். அணைத்தால், நாமே முடிக்கும்வரை அது காத்திருக்கும். தாமத அளவையும் சாதாரணமாகவே விட்டேன். பார்ப்பவர்களுக்குப் படம் அரை நிமிடம் பிந்திப் போகும். போனால் என்ன, கூத்தில் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்தப் பிந்தல் இருப்பதால் இரண்டு மூன்று நொடி விக்கல் பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டு போன் என்றதும் எல்லோரும் கேட்டது, "அப்ப ரண்டு கோணம் மாத்தி மாத்திக் காட்டலாமே?" காட்டலாம். ஆனால் அதற்கு நடுவில் மாற்றிக்கொடுக்க ஒரு கருவி வேண்டும், இரண்டு போனும் அந்தக் கருவியை நம்பி இருக்கும், அந்தக் கருவி ஒரே நெட்டை நம்பி இருக்கும். அழகு கூடும், அறுப்பு குறையாது. நான் இரண்டாவது போனை மாற்றாளாக வைத்தேன். கூத்தில் ஆட்டக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பாட்டுத் தெரிந்த இன்னொருவர் வேடத்தோடு நிற்பாரே, அதுபோல.

இதற்கு யூடியூபே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு நேரலைக்கு இரண்டு முகவரி தரும். ஒன்று முதன்மை, மற்றது காப்பு. ஸ்ட்ரீம் கீ என்று யூடியூப் தரும் திறப்பு இரண்டுக்கும் ஒன்றே.

```
rtmp://a.rtmp.youtube.com/live2
rtmp://b.rtmp.youtube.com/live2?backup=1
```

முதல் போன் மேலே உள்ளதற்கும் இரண்டாவது போன் கீழே உள்ளதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும். முதன்மையில் வருவது நின்றால் யூடியூப் காப்பிலிருந்து வருவதை எடுத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு லிங்க் மாறாது, படம் மட்டும் ஒரு தாவல் தாவும். இரண்டிலும் அமைப்பு ஒரேமாதிரி இருக்க வேண்டும்: படத்தின் அளவு, நொடிக்கு எத்தனை படம், நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற பிட்ரேட், எல்லாம். ஒன்றில் 720, மற்றதில் 1080 என்று வைத்தால் மாறும் இடத்தில் தகராறு செய்யும்.

அனுப்புவதற்கு Larix Broadcaster என்ற செயலியைப் போட்டேன். முகவரியையும், ஒரு சாய்கோட்டுக்குப் பின் திறப்பையும் சேர்த்து ஒரே வரியாக ஒட்ட வேண்டும். 720, நொடிக்கு 30 படம், பிட்ரேட் 1500 கிலோபிட், ஒலி 128 கிலோபிட், கீஃப்ரேம் என்ற முழுப்படம் இரண்டு நொடிக்கு ஒருமுறை. யூடியூப் 720க்கு இதைவிடக் கூடுதலாகத்தான் கேட்கும். தரத்தைப் பற்றி எச்சரிக்கை வரும், வரட்டும். இந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 730 எம்பி போகும். எட்டு மணித்தியாலத்துக்கு ஆறு ஜிபிக்குக் கிட்ட, போன் ஒன்றுக்கு. டேட்டா பக்கேஜ் வாங்கும்போது அதில் இரவு டேட்டா எவ்வளவு, எந்நேர டேட்டா எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணில் பாதி நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை செய்யும் என்றால், ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரைக்கான இரண்டு ஜிபியை வேறாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி அந்தச் செயலியில் உண்டு. அதையும் போட்டேன். பாதை ஒடுங்கினால் படத்தை மங்கவிட்டு, ஒலியைத் தொடாமல் அனுப்பும். கூத்துக்கு அதுதான் சரி. காத்தானின் முகம் மங்கினாலும் பாட்டுக் கேட்டால் எங்கள் ஆட்கள் இருந்து பார்ப்பார்கள். பாட்டு விக்கினால் எழும்பிப் போய்விடுவார்கள்.

இரண்டு போனுக்கும் இரண்டு வேறு நிறுவனத்து சிம். இரண்டும் புதிதாக வாங்கியவை, எண் ஒருவருக்கும் தெரியாது. மாமாவின் தேத்தண்ணி அழைப்புக்கு அதுதான் மருந்து. ஒரே நிறுவனத்து இரண்டு சிம் போட்டால் இரண்டும் ஒரே டவரில் போய் நிற்கும், அந்த டவர் திணறினால் இரண்டும் சேர்ந்து திணறும்.

சரி, இனி ஒலிக்கு வருவோம். எனக்கு அதிக நாள் எடுத்ததும் இதுதான்.

எங்கள் சவுண்ட்ஸ் அண்ணையிடம் பன்னிரண்டு வழி மிக்ஸர் ஒன்று இருக்கிறது. களரியில் தொங்கும் மைக் நான்கு, அண்ணாவியாருக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, உடுக்குக்கு ஒன்று, திரைச்சீலைக்குப் பின்னால் ஒன்று. "மெயின் அவுட்டிலை இருந்து ஒரு வயர் தாறன், கொழுவு" என்றார். ஒத்திகையில் கொழுவிப் பார்த்தேன். பாட்டு அருமையாக வந்தது, உடுக்கு இல்லை. ஏனென்றால் உடுக்கு வளவு முழுக்கத் தானாகவே கேட்கும் வாத்தியம். அண்ணை அதன் மைக்கைக் கிட்டத்தட்ட மூடியே வைத்திருந்தார். வளவில் இருப்பவருக்கு அது சரியான கலவை. ரொறன்ரோவில் இருப்பவருக்கு உடுக்கு காற்றில் போய்ச் சேராதே. ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்கிற கலவையும் நேரலைக் கலவையும் ஒன்றல்ல என்பதை அந்த ஒத்திகையில்தான் கண்டேன்.

மிக்ஸரில் ஒவ்வொரு வழிக்கும் ஆக்ஸ் என்று ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் அந்த மைக்கின் ஒலி பெட்டிக்குப் போவது ஒருபுறமிருக்க, ஆக்ஸ் வாசலுக்கும் தனியாகப் போகும். பெட்டிக்கு வேறு கலவை, எங்களுக்கு வேறு கலவை, ஒரே மிக்ஸரில். அதிலும், பெட்டிக்குப் போகும் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னால் எடுக்கும் ஆக்ஸ், ஃபேடருக்குப் பின்னால் எடுக்கும் ஆக்ஸ் என்று இரண்டு வகை. முன்னால் எடுப்பதைத்தான் எடுத்தேன். அண்ணை காட்சிக்குக் காட்சி ஃபேடரை ஏற்றி இறக்குவார், அது எங்கள் கலவையைக் குழப்பாது. உடுக்கை நன்றாக ஏற்றினேன், ஆர்மோனியத்தைக் கொஞ்சம் இறக்கினேன். (இதற்கு ஒரு விலை உண்டு. அண்ணை ஃபேடரை மூடினாலும் எங்களுக்கு மைக் திறந்தே இருக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் சின்னான் வேடக்காரர் பிளேன்டீக்குச் சீனி போதாது என்று யாரையோ ஏசியது கனடாவரை போனது. அந்த ஒரு குமிழை நான் பூச்சியத்தில் வைத்திருக்க வேண்டும்.)

ஆக்ஸ் வாசலிலிருந்து போனுக்குள் எப்படிக் கொண்டுபோவது? யூஎஸ்பி ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிச் சார்ஜ் ஓட்டையில் கொழுவலாம், நல்ல வழிதான். ஆனால் அந்த ஓட்டையை ஒலிக்குக் கொடுத்துவிட்டால் எட்டு மணித்தியாலம் சார்ஜ் எப்படிப் போடுவது? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் பிரிப்பான்கள் கடைகளில் உண்டு. நான் வாங்கியது என் போனில் சார்ஜை எடுத்தால் ஒலியை விட்டது, ஒலியை எடுத்தால் சார்ஜை விட்டது. அதனால் முதல் போனாக, ஹெட்போன் ஓட்டை உள்ள பழைய போன் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். தங்கச்சி லண்டனுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன போன் அது.

ஹெட்போன் ஓட்டைக்குள் மிக்ஸர் வயரை அப்படியே செருகினால் என்ன ஆகும்? மிக்ஸரிலிருந்து வருவது ஒரு வோல்ட் அளவு. போனின் மைக் வாசல் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். ஒலி வராமல் போகாது, வரும், ஆனால் கிழிந்த பெட்டியில் பாடுவதுபோல் வரும். அப்படிக் கிழிந்து வந்ததைப் பிறகு எந்தச் செயலியாலும் தைக்க முடியாது. ஆகவே நடுவில் நூற்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் கேட்டு வாங்கியவை: 10 கிலோ ஓம் தடை ஒன்று, 100 ஓம் தடை ஒன்று, 2.2 கிலோ ஓம் தடை ஒன்று, 10 மைக்ரோபாரட் கொண்டன்சர் ஒன்று, நான்கு வளையப் பின் ஒன்று. நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றோடு முடிந்தது.

மிக்ஸர் வயரின் சமிக்ஞை நுனியிலிருந்து 10 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து தரைக்கு 100 ஓம். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒலி நூற்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும். அந்தச் சந்தியிலிருந்து கொண்டன்சர் வழியாகப் போன் பின்னின் மைக் வளையத்துக்கு. கொண்டன்சரின் கூட்டல் பக்கம் போனை நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் மைக்குக்கு மின்சாரம் கொடுப்பதற்காகப் போன் அந்த வளையத்தில் ஒரு சிறு வோல்ட்டை வைத்திருக்கும். அந்த வோல்ட் மிக்ஸர் பக்கம் போகாமல் கொண்டன்சர் மறிக்கும். 1 மைக்ரோபாரட் போட்டால் போதாதா என்று கடைக்காரர் கேட்டார். போதாது, அடித்தொனி மெலிந்துபோகும். கடைசியாக, மைக் வளையத்துக்கும் தரைக்கும் நடுவில் அந்த 2.2 கிலோ ஓம். இது ஒலிக்காக இல்லை, போனை நம்பவைக்க. அந்த அளவு தடை தெரிந்தால்தான் "மைக் உள்ள ஹெட்போன் செருகியிருக்கிறார்கள்" என்று போன் ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் தன் சொந்த மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

எந்த வளையம் எது? இப்போதைய போன்களில் நுனியிலிருந்து இடது, வலது, தரை, மைக். மிகப் பழைய சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். போன் எந்த மைக்கைக் கேட்கிறது என்று அறிய ஒரு வழி: ஒரு நிமிடம் பதிவுசெய்யும்போது போனின் உடம்பில் நகத்தால் தட்டுங்கள். திரும்பக் கேட்கும்போது அந்தத் தட்டல் பெரிதாகக் கேட்டால் வயர் வேலை செய்யவில்லை. எனக்கு முதல்முறை தட்டல்தான் கேட்டது. பற்றுவைத்த இடமொன்று பிடிக்கவில்லை.

இன்னொன்று, செயலியில் ஒலி எங்கிருந்து எடுப்பது என்ற தெரிவில் "வொய்ஸ் ரெகக்னிஷன்" வகையை வைத்தேன். பெயரைப் பார்த்தால் பொருந்தாததுபோல் இருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டில் அந்த வகைக்குத்தான் தானாக ஒலி கூட்டுவதையும் இரைச்சல் நீக்குவதையும் இயல்பாக விட்டுவிட வேண்டும் என்று விதி. மற்றதில் வைத்துப் பார்த்தபோது ஆர்மோனியத்தின் நீண்ட சுருதியை இரைச்சல் என்று எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பாட்டு நின்ற இடத்திலோ ஜெனரேட்டர் சத்தத்தைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கியது.

ஜெனரேட்டர் என்றதும் நினைவு வருகிறது. ஒத்திகையில் ஒரு "ம்ம்ம்" என்ற இரைச்சல் விடாமல் இருந்தது. போன் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. மிக்ஸரும் சார்ஜரும் ஒரே ஜெனரேட்டரில் இருந்தன, வயர் வழியாக இரண்டும் வட்டமாகச் சேர்ந்துவிட்டன. அதன்பிறகு இரண்டு போனும் பவர் பேங்கில் மட்டும்தான். அன்று இரைச்சலுக்காகச் செய்தது கூத்தன்று வேறொன்றிலிருந்து காப்பாற்றியது.

இரண்டாவது போன் மச்சானுடையது. அதற்கு மிக்ஸர் வயர் கொடுக்கவில்லை. வேண்டுமென்றுதான். அது களரிக்கு இடப்பக்கம், பெட்டிக்கு நேரே இல்லாமல், ஆறேழு மீற்றர் தள்ளி, தன் சொந்த மைக்கில் காற்றில் வருவதைக் கேட்கும். வேறு சிம், வேறு பவர் பேங்க், வேறு காது. இரண்டும் ஒரே வயரை நம்பியிருந்தால் வயர் போனால் இரண்டும் போகும். பக்கத்திலிருக்கும் குழந்தை அழுவதும் இதில் கேட்கும்தான். மாற்றாள்தானே.

ஒத்திகையின் கடைசியில் வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தோம். முதல் போனை விமானப் பயன்முறைக்குக் கொண்டுபோனேன். பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சியின் திரையில் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றி, பிறகு இடப்பக்கக் கோணம் வந்தது. லிங்க் அதேதான். அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

கூத்தன்று ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கினோம். பத்தரைக்கு வளவு நிறைந்தது. முதல் போனின் திரையில் 1500 என்று போய்க்கொண்டிருந்த எண் 900 ஆனது, 400 ஆனது. தங்கச்சி வாட்ஸப்பில் "படம் கலங்குது, பாட்டு ஓகே" என்று போட்டாள். பத்தே முக்காலுக்கு எண் பூச்சியமாகி, செயலி திரும்பத் திரும்ப இணைக்கப் பார்த்தது. "இப்ப மச்சான்ரை பக்கத்தாலை வருது" என்று அடுத்த செய்தி. நான்கு நிமிடம் அப்படியே போனது. ஆட்டக்காரரின் முதுகு கூடுதலாகத் தெரிந்ததாம், அதைத் தவிரக் குறையில்லை. நள்ளிரவு தாண்டிச் சிறுவர்கள் நித்திரையாகி, போன்களும் பைக்குள் போனபிறகு நெட் வாய்க்கால் போல ஓடியது.

உண்மையான சங்கடம் இரண்டே காலுக்கு வந்தது, நெட்டில் இல்லை. ஜெனரேட்டர் எண்ணெய் தீர்ந்து நின்றுபோனது. வெளிச்சம் போனது, பெட்டிகள் போயின, மிக்ஸர் போனது. அண்ணாவியார் நிறுத்தவில்லை. உடுக்கு நிற்கவில்லை. யாரோ இரண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட்டைக் களரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஆட்டம் அந்த வெளிச்சத்தில் போனது. வளவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, நானும் பார்த்தேன்.

என் முதல் போன் பவர் பேங்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எண் 1500. செத்துப்போன மிக்ஸரிலிருந்து சுத்தமான மௌனத்தை எடுத்து யூடியூபுக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. யூடியூபைப் பொறுத்தவரை முதன்மைக்கு ஒரு குறையும் இல்லை, பிறகு ஏன் காப்புக்கு மாற வேண்டும்? வருகிறதா, வரவில்லையா என்பதுதான் அதற்குத் தெரியும். வருவதில் ஒலி இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. எனக்கோ உடுக்குச் சத்தம் நேரே காதில் விழுந்துகொண்டிருந்ததால் ஒன்றும் தோன்றவில்லை. சட்டைப்பையில் என் சொந்தப் போன் அதிர்ந்தது. தங்கச்சி: "அண்ணா சத்தமே இல்லை". அரை நிமிடப் பிந்தல், அவள் யோசித்த நேரம், நான் பார்த்த நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம் மௌனமாகப் போயிருந்தது.

முதல் போனில் அனுப்புவதை நானே நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மச்சானின் போன் மேலே வந்தது: இருட்டு, ஒரு பக்கம் ஹெட்லைட், உடுக்கு, மைக் இல்லாத அண்ணாவியாரின் குரல், மோட்டார் சைக்கிள் இரைச்சல். எண்ணெய் வந்து ஜெனரேட்டர் திரும்பத் தொடங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மிக்ஸரில் விளக்குகள் எரிந்ததை மட்டும் நம்பாமல், முதல் போனின் ஒலிக்கோடு ஆடுவதைப் பார்த்த பிறகே அதைத் திரும்ப அனுப்ப விட்டேன்.

அதனால் அடுத்த முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது: வளவுக்கு வெளியே, ஹெட்போன் போட்டுக்கொண்டு, முழு இரவும் கேட்க ஒருவரைப் பிடியுங்கள். களரிக்குப் பக்கத்தில் நிற்பவரால் அது முடியாது, அவர் காது வளவில் இருக்கும். எங்கள் இரண்டே காலுக்கு லண்டனில் ஒன்பதே முக்கால்தான் என்பதால், தங்கச்சி வசதியாக இருந்தாள். கழுவேற்றம் வரையும் விழித்திருந்தாள்.

கழுவேற்றம் நாலு நாற்பதுக்கு வந்தது. அந்த நேரம் அறுந்துபோகவில்லை. கூட்டம் அழுதபோது முதல் போனில் அது சற்றுத் தூரத்தில் கேட்டது, ஏனென்றால் ஆக்ஸ் கலவையில் கூட்டத்துக்கென்று மைக் இல்லை. அடுத்த வருடம் வளவைப் பார்த்து ஒரு மைக் கட்டி ஆக்ஸுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், பெட்டிக்கு விடாமல்.

இரண்டு போனிலும் அனுப்புவதோடு சேர்த்துப் பதிவும் ஓடியது. அடுத்த நாள் பின்னேரம், அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மச்சானின் பதிவை எடுத்து, முதல் போனின் பதிவில் ஒட்டினேன். பொருத்துவதற்கு ஜெனரேட்டர் நிற்பதற்கு முன் இரண்டிலும் கேட்ட உடுக்கின் ஓர் அடி உதவியது. ஒட்டிய கோப்பை அண்ணாவியாரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். 2009 இடப்பெயர்வில் அவருடைய கூத்துக் கொப்பி போய்விட்டது. நினைவிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார்.

"படம் எனக்கு வேண்டாம் தம்பி" என்றார். "பாட்டை மட்டும் பென் டிரைவிலை போட்டுத் தா. எழுதேக்கை நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கோணும்."

படத்தை நீக்கி, எட்டு மணித்தியாலத்தையும் காட்சி காட்சியாக வெட்டிக் கொடுத்தேன். சீனி போதாது என்று ஏசிய இடத்தையும் வெட்டவில்லை.